பதினாறு அடி போதும்: முதல் பாட்டுக்கு ஒரு கட்டம் போடுவது எப்படி

"அண்ணன், நான் கல்லடியில் இருக்கிறேன். வாவியில் தோணி விட்டு மீன் பிடிக்கும் என் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதுகிறேன். இதுதான் முதல் பாட்டு. கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்துவிட்டது. மாரி மழையில் அப்பா சிரட்டையால் தோணித் தண்ணீர் இறைத்தது வரை எல்லாம் எழுதிவிட்டேன். கீபோர்ட் வாசிக்கும் தோழி, 'இது எந்த மெட்டிலும் அடங்காது' என்கிறாள். எத்தனை வரி, எங்கே எதுகை என்பதையெல்லாம் முதலே தீர்மானித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா? அப்படிச் செய்தால் உணர்ச்சி செத்துவிடாதா?"

தங்கச்சி, தீர்மானித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிடாதீர்கள். அது பாட்டு அல்ல, பாட்டுக்கான சாமான். வீடு கட்டுகிறவன் கல்லையும் மணலையும் முற்றத்தில் கொட்டிவைப்பதைப் போல நீங்கள் கொட்டிவைத்திருக்கிறீர்கள். அத்திவாரத்துக்கு இன்னும் கயிறு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உணர்ச்சி சாகுமா என்ற கேள்விக்கு மட்டக்களப்புக் கூத்தைப் பாருங்கள். அண்ணாவியார் ஆட்டக்காரரை முதல் நாளே அழுது நடிக்கச் சொல்வதில்லை. முதலில் தாளக்கட்டைப் பழக்குவார். கால் தாளத்தில் நின்ற பிறகு வருகிற அழுகைதான் சனத்தையும் அழவைக்கிறது.

வரி எண்ணிக்கையைக் கற்பனையில் தீர்மானிக்க முடியாது. மணிக்கூட்டை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் பாட்டு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 240 விநாடி. அப்பாவை நினைத்துக் காத்திருக்கிற பாட்டு என்பதால் வேகம் அதிகம் வேண்டாம், நிமிடத்துக்கு 80 தட்டு போதும். ஓர் அடிக்கு எட்டுத் தட்டு, அதாவது ஆதி தாளத்தில் ஒரு சுற்று. 80 தட்டு 60 விநாடி என்றால் எட்டுத் தட்டு ஆறு விநாடி. ஆகவே 240 விநாடியில் மொத்தம் 40 சுற்றுத்தான் இருக்கிறது. உங்களிடம் உள்ள கையிருப்பு அது.

அதில் முகப்பு இசைக்கு நான்கு சுற்று போய்விடும். பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் இடையே நான்கு, முதல் சரணத்துக்குப் பின் வந்த பல்லவிக்கும் இரண்டாம் சரணத்துக்கும் இடையே நான்கு. இசைக்கே பன்னிரண்டு கழிந்தால் பாடுவதற்கு 28 மிஞ்சும். பல்லவியை நான்கு அடியாக வைத்து, தொடக்கத்தில் இரண்டு முறை பாடினால் எட்டு. முதல் சரணம் ஆறு, அதன் பின் பல்லவி ஒரு முறை நான்கு. இரண்டாம் சரணம் ஆறு, பல்லவி நான்கு. கூட்டிப் பாருங்கள், சரியாக 28 வரும்.

இப்போது கவனியுங்கள். பாடுவது 28 அடி என்றாலும் நீங்கள் புதிதாக எழுத வேண்டியது பல்லவி நான்கு, சரணம் ஆறும் ஆறும், ஆக மொத்தம் பதினாறு அடி மட்டுமே. மூன்று பக்கத்தில் எத்தனை அடி இருக்கும்? அறுபதுக்குக் குறையாது. தோழி தலையில் கைவைத்ததில் வியப்பில்லை. அனுபல்லவி வேண்டுமென்றால் இந்தக் கணக்கிலேயே வேறெதையாவது குறைத்து இடம் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பாட்டில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

சரணங்கள் இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழா நாடகத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் சரணத்தில் ஓர் அடி நன்றாக வந்துவிட்டது, வெட்ட மனம் வரவில்லை, ஏழாக விட்டுவிட்டேன். மேடையில் டோலக்காரர் ஆறு முடிந்ததும் பல்லவிக்கு உருட்டிவிட்டார். பாடியவர் ஏழாம் அடியில் நிற்கிறார். மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. டோலக்காரர் மீது பிழை இல்லை. முதல் சரணம் அவருக்கு ஆறு என்று சொல்லிக் கொடுத்துவிட்டது.

அடுத்தது ஓர் அடியின் நீளம். புதிதாக எழுதுகிறவர்கள் தாளில் வரி எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்று பார்ப்பார்கள். காதுக்குத் தாள் தெரியாது. கொப்பியில் ஓர் அடிக்கு நான்கு கட்டம் கீறுங்கள். ஒரு கட்டம் ஒரு சீர், ஒரு சீருக்கு இரண்டு தட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு அளவு. குறில் ஒன்று, நெடில் இரண்டு, குறிலோடு மெய் சேர்ந்தால் இரண்டு, நெடிலோடு மெய் சேர்ந்தாலும் இரண்டுதான். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வருகிற 'லை', 'யை' போன்ற ஐகாரத்தைக் குறிலாகவே எண்ணுங்கள், வாய் அதைக் குறுக்கித்தான் சொல்கிறது. அப்படியானால் ஓர் அடிக்குப் பதினாறு அளவு. இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை என்று படித்திருப்பீர்கள். பாட்டுக்கு எண்ணும்போது அந்தக் கணக்கு வேண்டாம், நான் சொன்ன சந்தக் கணக்கே போதும்.

உங்கள் பக்கங்களில் இருக்கக்கூடிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "அப்பாவின் தோணி இன்னும் கரைக்கு வந்து சேரவில்லை." அப்பாவின் ஆறு, தோணி மூன்று, இன்னும் நான்கு, கரைக்கு நான்கு, வந்து மூன்று, சேரவில்லை ஆறு. மொத்தம் 26. பதினாறு கொள்கிற சாக்கில் 26 கொட்டுகிறீர்கள். பாடுகிறவர் என்ன செய்வார்? 'சேரவில்லை'யைச் சேர்த்து விழுங்குவார், அல்லது அடுத்த சுற்றுக்குள் புகுந்துவிடுவார். தோழி "அடங்காது" என்றதன் பொருள் இதுதான். குறைவாக இருந்தால் அவ்வளவு ஆபத்து இல்லை. மூன்று அளவுள்ள 'தோணி'யைப் பாடகர் 'தோணீ' என்று நீட்டி நான்காக்கிவிடுவார். மிஞ்சியதை அடக்க முடியாது, குறைந்ததை நீட்டலாம். சந்தேகம் வந்தால் குறைவாகவே எழுதுங்கள்.

இனி எதுகை. முதலில் ஒரு தெளிவு. எதுகை என்பது அடிகளின் முதல் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றாவது. ஆனால் முதல் எழுத்தின் நீளமும் ஒத்துவர வேண்டும். கடல், உடல், திடல் எதுகை. கடலும் பாடலும் எதுகை ஆகாது. இரண்டாம் எழுத்து 'ட' தான், ஆனால் ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில். மோனை முதல் எழுத்தில் வருவது. இயைபு அடியின் கடைசியில் வருவது.

புதியவர்கள் எல்லோரும் இயைபைத்தான் முதலில் பிடிப்பார்கள், ஏனென்றால் அது சும்மா கிடைக்கிறது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். போனார், வந்தார், நின்றார், சிரித்தார் என்று நான்கு அடி எழுதினால் நான்கும் 'ஆர்' என்று முடியும். அதை நீங்கள் செய்யவில்லை, விகுதி செய்கிறது. காது அதை ஓசை நயமாக எடுத்துக்கொள்ளாது. நான்காம் அடி வருவதற்கு முன்பே எப்படி முடியும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், விகுதியை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். போ, வந், நின், சிரித். ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் அங்கே இயைபு இல்லை. இறங்க, உறங்க என்பதில் 'றங்க' முழுவதும் ஒன்றுகிறது, 'க' என்ற ஓர் எழுத்து மட்டும் அல்ல. அது உண்மையான இயைபு.

எதுகைத் திட்டம் போடுவதற்கு முன் சொல் இருப்பைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் திருவிழாவுக்கு முன் இருப்பு எடுப்பதைப் போல. உங்கள் பாட்டின் முக்கியச் சொற்கள் தோணி, அப்பா, வாவி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்து எதுகை எழுதிப் பாருங்கள். தோணிக்கு காணி, ஏணி, ஆணி, கோணி வரும். வாவியில் கோணிச் சாக்கை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? அப்பாவுக்கு கப்பல், உப்பு, சிப்பி, தப்பு என்று ஓரளவு கிடைக்கும். வாவிக்கோ தாவி, கூவி, தூவி, ஆவி, பாவி, மேவிய, காவல், ஆவல், தேவை என்று வந்துகொண்டே இருக்கும். வி, வ, வை என்று உயிர் மாறினாலும் மெய் ஒன்றாக இருப்பதால் எதுகையாக நிற்கும். அதிலும் காவல், ஆவல், கூவி மூன்றும் கரையில் காத்திருக்கிற மகளின் சொற்கள். ஆகவே பல்லவியை வாவியில் தொடங்குங்கள். 'தோணி' என்று தொடங்கியிருந்தால் மூன்றாம் அடியில் மாட்டிக்கொண்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஏணியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். திட்டம் போடாததால் உணர்ச்சி சாகிற இடம் அதுதான்.

இப்போது கட்டத்தை வரைவோம். பல்லவி நான்கு அடியும் ஒரே எதுகை, 'வ'. கடைசியில் இரண்டிரண்டாக இயைபு. ஒவ்வோர் அடியிலும் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை. மூன்றாம் சீரில் மோனை வைப்பதற்குக் காரணம் உண்டு. எட்டுத் தட்டில் அது ஐந்தாவது தட்டில் விழுகிறது, அடியின் சரி நடு. அங்கே ஒலி திரும்பினால் அடி நிமிர்ந்து நிற்கும். மோனைக்கு அதே எழுத்துத்தான் வேண்டும் என்று கஷ்டப்பட வேண்டாம். 'க'வுக்குக் 'கா', 'கு'வுக்குக் 'கூ' பொருந்தும்.

இந்தக் கட்டத்துக்குள் நான் எழுதிப் பார்த்தது:

வாவிக் கரையில் வானம் இறங்க
தாவிய மீனும் தாழ்ந்தே உறங்க
காவல் நின்றேன் கண்கள் சிவக்க
ஆவல் தீரும் அப்பா சிரிக்க

எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு சீரும் நான்கு. 'வாவிக்' இரண்டும் இரண்டும். 'கரையில்' ஒன்று, ஒன்று, இரண்டு. 'வானம்' இரண்டும் இரண்டும். 'இறங்க' ஒன்று, இரண்டு, ஒன்று. முதலில் நான் "வாவிக் கரையில் விளக்குத் தெரிய" என்று எழுதினேன். படம் நன்றாக இருந்தது, ஆனால் 'விளக்குத்' ஐந்து. அதோடு மூன்றாம் சீரில் 'வா'வுக்கு மோனையும் இல்லை, 'வி' அதற்கு நெருங்கிய இனம் அல்ல. 'வா' என்று தொடங்குகிற சொல்லைத் தேடப்போய்த்தான் 'வானம்' கிடைத்தது. வானம் கரையில் இறங்குகிறது என்ற படம் என் தலையில் இருந்தது அல்ல, கட்டம் தந்தது. வெட்கப்படாமல் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். இறங்க, உறங்க, சிவக்க, சிரிக்க. நான்குக்கும் ஒரே அசைவு, தத்தகாரத்தில் சொன்னால் 'தனந்த'. அடியின் மற்ற மூன்று சீர்களில் 'தானம்', 'தானன', 'தனனம்' என்று மாற்றிப் போடலாம், அளவு நான்காக இருந்தால் போதும். கடைசிச் சீரின் அசைவை மட்டும் பாட்டு முழுவதும் மாற்றாதீர்கள். மெட்டு மூச்சு விடுகிற இடம் அது. ஓர் அடி 'தனந்த' என்றும் அடுத்தது 'தானா' என்றும் முடிந்தால், அளவு சரியாக இருந்தாலும் பாடகர் தடுக்கி விழுவார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

சரணத்துக்கு வருவோம். ஆறு அடி, இரண்டிரண்டாக மூன்று சோடி. முதல் சோடிக்கு ஓர் எதுகை, இரண்டாம் சோடிக்கு வேறு எதுகை. ஆறையும் ஒரே எதுகையில் கட்டலாம், நம் பழைய ஆட்கள் கட்டியிருக்கிறார்கள், ஆனால் முதல் பாட்டில் சொல் தீர்ந்துபோகும். மூன்றாம் சோடிதான் சூட்சுமம். ஆறாம் அடி பல்லவியின் எதுகையான 'வ'வில் தொடங்கி, பல்லவியின் முதல் இயைபான 'ங்க'வில் முடிய வேண்டும். அப்படிச் செய்தால் பல்லவி திரும்பி வரப்போகிறது என்று காது முன்கூட்டியே அறிந்துகொள்ளும். செய்யாவிட்டால் சரணம் ஒரு பாட்டாகவும் பல்லவி இன்னொரு பாட்டாகவும் நிற்கும். மேடையில் பாடகர் பல்லவியை எடுக்கத் தயங்குகிறார் என்றால், பெரும்பாலும் ஆறாம் அடியில் பாலம் இல்லை என்று பொருள்.

ஆகவே சரணத்தை ஆறாம் அடியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 'வ' எதுகையில் இன்னும் செலவழியாமல் இருந்தது 'கூவி'. அதிலிருந்து ஆறாம் அடி, பிறகு அதற்குத் துணையாக ஐந்தாம் அடி, பிறகு மேலே ஏறி முதல் சோடி:

வலையைத் தோளில் வாரிச் சுமந்து
அலையின் நடுவே அப்பா அமர்ந்து
(மூன்றாம் அடி)
(நான்காம் அடி)
கூதல் காற்றில் குடிலும் குலுங்க
கூவிய குரலும் குளிரில் நடுங்க

'நடுங்க' முடிந்ததும் 'வாவிக் கரையில் வானம் இறங்க' என்று பல்லவியைப் பாடிப் பாருங்கள். ஓசையும் போகிறது, வாக்கியமும் அறாமல் போகிறது. 'நடுங்க' என்பது முடியாத வினை என்பதால் அது அடுத்த அடியைக் கையைப் பிடித்து இழுக்கிறது. அங்கே 'நடுங்கியது' என்று முடித்திருந்தால் கதவைச் சாத்திவிட்டுத் திறந்ததைப் போல இருக்கும்.

இரண்டாம் சரணத்துக்கும் இதே கட்டம்தான். எழுதத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். முதல் சரணம் மாலையில் அப்பா போவது, இடையில் மழை, பிறகு வீட்டில் நீங்கள். இரண்டாம் சரணம் விடியப்புறம், தோணி கரைக்கு வருவது, அப்பாவின் கை. மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, இந்த ஆறு வேலைகளில் ஒன்றையும் செய்யாத வரிகளைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். சந்தையில் மீன் விலை, படகு வாங்கிய கடன் எல்லாம் இருந்தால் அவை அடுத்த பாட்டுக்கு. இரண்டாம் சரணத்தை முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அதன் முதல் அடியை முதல் சரணத்தின் முதல் அடி இருந்த இடத்தில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். தோழி கீபோர்டில் ஒரு சுரத்தையும் மாற்றாமல் வாசிக்க முடிந்தால் சரி. "இந்த இடத்தில் கொஞ்சம் அவசரமாகப் பாடு" என்று அவர் சொன்னால், அந்தச் சீர் ஐந்தோ ஆறோ ஆகிவிட்டது.

இந்தக் கணக்கு நாலின் நடைக்கு மட்டும் பொருந்தும். தோழி மூன்றின் நடையில், ஊஞ்சல் ஆடுகிற மாதிரி மெட்டுப் போட்டால் சீருக்கு நான்கு என்பது மூன்றாகவோ ஆறாகவோ மாறும், மேலே உள்ள அடிகள் அதில் உட்காரா. மெட்டு முதலே இருக்கிறது என்றால் கட்டத்தை நீங்கள் கீறவே கூடாது. மெட்டைத் தத்தகாரத்தில் பாடச் சொல்லி, அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கட்டம் அதற்குள்ளேயே இருக்கும். நாட்டார் கவியில் எழுத ஆசை என்றால் அதுவும் வேறு கணக்கு. நம் பக்கத்துக் கவி பெரும்பாலும் நான்கு அடியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். அதற்குப் பல்லவிக்குத் திரும்புகிற கவலையே இல்லை.

மூன்றாம், நான்காம் அடிகளை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறேன். மழைக்கான இடம் அது. மழை, பிழை, இழை, வழி, விழி, மொழி என்று 'ழ'வில் சொல் நிறைய இருக்கிறது. குறிலில் தொடங்குகிறவற்றையே எடுங்கள், கடைசிச் சீர் 'தனந்த' என்று விழட்டும். அந்தச் சிரட்டையை எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். அதை அடியின் முதலில் வைக்கத் தேவையில்லை என்பதால் எதுகைத் தொல்லை இல்லை. சி ஒன்று, ரட் இரண்டு, டை ஒன்று. ஒரு சீருக்குச் சரியாக நான்கு.